கடனையும் சேர்த்துத்தான் விலை

வருசநாட்டுப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் சிமெண்ட் கடையில் போய் நின்றால் அடிக்கடி காதில் விழும் பெயர்கள் இரண்டு. ஒன்று சங்கர், இன்னொன்று ராம்கோ. சங்கர் மூட்டை திருநெல்வேலியை அடுத்த தாழையூத்து சங்கர் நகரிலிருந்து வருவது. இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி அங்கே 1949-இல் தொடங்கிய ஆலை. ராம்கோ நமக்கு இன்னும் நெருக்கம். வருசநாட்டு மலையின் இந்தப் பக்கம் நாம் என்றால் அந்தப் பக்கம் ராஜபாளையம், அதுதான் அந்தக் கம்பெனியின் ஊர். 2013 வரை அதற்குப் பங்குச்சந்தையில் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் என்று பெயர். தேனியில் நான் பங்குத் தரகுத் தொழிலுக்கு வந்தபோது, எங்கள் ஊர் ஆட்கள் வாங்க முன்வந்த பங்குகளில் இந்த இரண்டும் முன்னால் இருந்தன. பையில் படித்த பெயர் என்பதால் ஒரு நம்பிக்கை.

அப்போது தேனியில் டெர்மினல் இல்லை. மதுரைத் தரகருக்குப் போன் போட்டு விலை கேட்டு, ஆர்டர் சொல்லி, வாரம் கழித்துப் பத்திரம் தபாலில் வரும். மாற்றுப் பத்திரத்தில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று கம்பெனி திருப்பி அனுப்பினால் மறுபடி முதலிலிருந்து. தேசியப் பங்குச்சந்தை 1994-இல் வந்து, பத்திரங்கள் கணக்கில் வரவு வைக்கப்படும் முறைக்கு 1996-இல் சட்டம் வந்து, அதற்குப் பிறகுதான் எங்கள் கடையில் திரை வந்தது. திரை வந்ததும் வாடிக்கையாளர்கள் கம்பெனியைப் பேசுவது குறைந்தது, விலையைப் பேசுவது கூடியது. அந்தத் திரையில் கடன் தெரியாது. பங்கு விலை தெரியும், அன்று எவ்வளவு ஏறியது இறங்கியது என்பது தெரியும். கம்பெனி யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது ஆண்டறிக்கைக்குள் ஐம்பது பக்கம் தள்ளி இருக்கும்.

கடமலைக்குண்டில் இலவம் பஞ்சு வியாபாரம் செய்த ஒருவர் எனக்கு நீண்ட நாள் வாடிக்கையாளர். நான் அவரை மாமா என்பேன். 2002, 2003 வாக்கில் ஒருநாள் வந்து உட்கார்ந்து, "ஏப்பா, மெட்ராஸ் சிமெண்ட்ஸ் ஒரு பங்கு அம்புட்டு வெலை சொல்றான், இந்தியா சிமெண்ட்ஸ் இருவது ரூவாய்க்குக் கெடக்கு. ரெண்டும் சிமெண்டுதான? எறக்கமாக் கெடக்கறதை வாங்கிப் போடுவமா?" என்றார்.

ஒரு பங்கின் விலையை இன்னொரு பங்கின் விலையோடு ஒப்பிடுவதில் ஒன்றுமே இல்லை என்பதை முதலில் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மெட்ராஸ் சிமெண்ட்ஸுக்கு அப்போது மொத்தமே ஒன்றேகால் கோடிக்கும் குறைவான பங்குகள். இந்தியா சிமெண்ட்ஸுக்கு ஏறத்தாழ 14 கோடி. எத்தனை துண்டாகப் பங்கு போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் துண்டின் விலை மாறும். பங்கு விலையை மொத்தப் பங்குகளால் பெருக்கினால் வருவது சந்தை மதிப்பு. இருபது ரூபாயை 14 கோடியால் பெருக்கினால் 280 கோடி. மாமா அந்த எண்ணைப் பார்த்ததும் இன்னும் உற்சாகமாகிவிட்டார். காரணம் இருந்தது. இந்தியா சிமெண்ட்ஸுக்கு அப்போது ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் டன் சிமெண்ட் தயாரிக்கும் திறன். 280 கோடியை 90 லட்சத்தால் வகுத்தால் ஒரு டன் திறனுக்கு 310 ரூபாய் சொச்சம். அந்தக் காலத்தில் புதிதாக ஒரு ஆலை கட்ட டன்னுக்கு மூவாயிரம் ரூபாய்க்குக் குறையாது என்று தொழிலில் பேசிக்கொள்வார்கள். பத்தில் ஒரு பங்கு விலைக்கு ஆலை கிடைக்கிறதே என்பது அவர் கணக்கு.

ஆண்டறிக்கையைப் பிரித்துக் கடன் பக்கத்தைக் காட்டினேன். கடன் மட்டும் 1,500 கோடிக்கு மேல். 1998-இல் ஆந்திராவின் ராசி சிமெண்ட்டை விடாப்பிடியாக நின்று வாங்கியது, அதையொட்டி வேறு ஆலைகளையும் சேர்த்துக்கொண்டது, அதன் பிறகு தென்னிந்தியாவில் சிமெண்ட் விலை சரிந்தது எல்லாம் சேர்ந்து ஏறிய கடன் அது. வட்டி கட்ட முடியாமல் வங்கிகளோடு உட்கார்ந்து கடனைச் சீரமைத்துக்கொண்டிருந்த நேரம்.

"மாமா, வருசநாட்டுல பட்டா நெலம் வாங்கப் போனா மொதல்ல என்ன கேப்பீங்க?" என்றேன். "வில்லங்கம் போட்டுப் பாப்பேன்" என்றார். அந்தத் தோட்டத்தின் மேல் வங்கியில் பத்து லட்சம் கடன் இருந்து, விற்பவர் கையில் ரெண்டு லட்சம் மட்டும் கேட்டால் தோட்டத்தின் விலை ரெண்டு லட்சமா, பன்னிரண்டு லட்சமா என்றேன். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தேவைப்படவில்லை. 280 கோடியோடு 1,500 கோடியைச் சேர்த்தார். 1,780 கோடி. டன்னுக்கு ரெண்டாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. புதிதாகக் கட்டும் செலவைவிட அப்போதும் குறைவுதான். ஆனால் பத்தில் ஒரு பங்கு என்பது போய் மூன்றில் ரெண்டு பங்கு என்று ஆகிவிட்டது.

இந்த இரண்டாவது எண்ணைத்தான் எங்கள் தொழிலில் நிறுவன மதிப்பு என்போம், பேச்சில் இவி. சந்தை மதிப்போடு கடனைக் கூட்டி, கம்பெனி கையிலும் வங்கியிலும் வைத்திருக்கும் ரொக்கத்தைக் கழிக்க வேண்டும். கம்பெனியை முழுதாக வாங்குகிறவன் கடனையும் ஏற்றுக்கொள்கிறான், கல்லாவில் உள்ள பணத்தையும் எடுத்துக்கொள்கிறான் என்பதால் இந்தக் கூட்டலும் கழித்தலும். துணைக் கம்பெனிகளில் வெளியாட்களுக்குப் பங்கு இருந்தால் அதையும் கூட்ட வேண்டும். மெட்ராஸ் சிமெண்ட்ஸுக்கும் அப்போது கடன் இருந்தது. ஆனால் அதன் மொத்த மதிப்பில் கடனின் பங்கு இந்தியா சிமெண்ட்ஸ் அளவுக்கு இல்லை. சந்தை மதிப்பை மட்டும் பார்த்தால் ஒன்று மலிவு, ஒன்று விலை அதிகம் என்று தோன்றிய இடைவெளி, இவி போட்டதும் பெருமளவு சுருங்கிவிட்டது.

மாமா கடைசியில் இந்தியா சிமெண்ட்ஸ் கொஞ்சம் வாங்கினார். வாங்கியது சரியா தவறா என்று நான் அன்று சொல்லவில்லை. மலிவான பங்கை வாங்குகிறோம் என்று நினைத்து வாங்காமல், கடனாளிக் கம்பெனியின் பங்கை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கட்டும் என்பது மட்டுமே எனக்கு வேண்டியிருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்பது அடுத்த நாலைந்து வருடத்தில் தெரிந்தது.

2004-க்குப் பிறகு நாடு முழுக்கக் கட்டடமும் ரோடும் பெருகி, சிமெண்ட் விலை ஏறியது. எல்லா சிமெண்ட் பங்கும் ஏறியது. ஆனால் இந்தியா சிமெண்ட்ஸ் ஏறியதுபோல் மற்றவை ஏறவில்லை. இருபது ரூபாயில் கிடந்த பங்கு 2007-இல் இருநூறைத் தாண்டியது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அந்தக் கம்பெனி மற்றவர்களைவிடப் பல மடங்கு திறமையாக நடக்கிறது என்று பேசினார்கள். அதில் பெரும்பகுதி கடன் செய்த வேலை. கணக்குக்காக ஒரு ஆலையின் நிறுவன மதிப்பு 2,000 கோடி, கடன் 1,700 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்குதாரருக்கு மிஞ்சுவது 300 கோடி. ஆலையின் மதிப்பு பாதியளவு கூடி 3,000 கோடி ஆகிறது. கடன்காரனுக்குச் சேர வேண்டியது அதே 1,700 கோடிதான். பங்குதாரர் பங்கு 1,300 கோடி, நாலு மடங்குக்கு மேல். பக்கத்து ஆலைக்கு அதே 2,000 கோடி மதிப்பு, கடன் 500 கோடிதான் என்றால், அதே ஏற்றத்தில் அதன் பங்குதாரருக்கு 1,500 கோடி 2,500 கோடி ஆகும். இரண்டு மடங்குகூட இல்லை. இரண்டு ஆலையின் மதிப்பும் ஒரே அளவில்தான் ஏறியது. பங்கின் ஏற்றம் வேறு வேறு.

இறங்கும்போதும் இப்படித்தான். அதே 2,000 கோடி ஆலை 1,600 கோடிக்கு இறங்கினால் முதல் கம்பெனியின் பங்குக்குக் கணக்குப்படி ஒன்றும் மிஞ்சாது, இரண்டாவதில் 1,100 கோடி மிஞ்சும். ஆனால் சந்தையில் முதல் பங்கு பூஜ்யத்துக்குப் போகாது. நாளைக்கு சிமெண்ட் விலை ஏறினால் ஏதாவது தேறும் என்ற நம்பிக்கைக்கு ஒரு விலை இருக்கும், ஐந்தோ பத்தோ. அந்த நிலையில் இவி கணக்கு ஏமாற்றும் என்பதையும் அந்த வருடங்களில்தான் பார்த்தேன். கடனைப் புத்தகத்தில் எழுதியபடி முழுதாகக் கூட்டுகிறோம். ஆனால் வங்கிகளே அந்தக் கடன் முழுதாகத் திரும்பாது என்று நினைத்து வட்டியைக் குறைத்து, தவணையைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் கடனின் உண்மை மதிப்பு எழுதியதைவிடக் குறைவு. அப்போது நாம் போடும் இவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அதனால் கடன் சீரமைப்பில் இருக்கும் கம்பெனியை நல்ல கம்பெனியோடு ஒப்பிடும்போது, "கடன் முழுதாகத் திரும்பினால்" ஒரு எண், "முக்கால்வாசி திரும்பினால்" ஒரு எண் என்று இரண்டும் எழுதிவைப்பது என் வழக்கமாயிற்று.

இன்னொரு சிக்கலும் அப்போதுதான் அடிக்கடி வந்தது. போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவர், கணக்கில் கெட்டிக்காரர், ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்: விற்பனை இத்தனை கோடி, சந்தை மதிப்பு இத்தனை கோடி, விற்பனையில் கால்வாசிக்குக் கம்பெனி கிடைக்கிறது, வாங்கலாமா தம்பி? அவர் தேர்ந்தெடுத்துக் கொண்டுவரும் கம்பெனிகளில் பெரும்பாலானவை கடனில் மூழ்கியவையாக இருக்கும். அது தற்செயல் இல்லை. விற்பனை என்பது கடன் கொடுத்தவன் பணமும் பங்குதாரன் பணமும் சேர்ந்து உழைத்து வருவது. சந்தை மதிப்பு பங்குதாரனுடையது மட்டும். இரண்டு பேர் உழைப்பை ஒருவன் மதிப்பால் வகுத்தால், யாருக்குக் கடன் அதிகமோ அவனே மலிவாகத் தெரிவான். விற்பனையோடும், ஆலையின் டன் திறனோடும், வட்டிக்கும் வரிக்கும் தேய்மானத்துக்கும் முன்னால் உள்ள லாபத்தோடும் ஒப்பிட வேண்டுமென்றால் இவியை எடுக்க வேண்டும். வட்டியும் வரியும் போன பிறகு மிஞ்சும் நிகர லாபத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால் சந்தை மதிப்பை எடுக்க வேண்டும். இதை அவருக்கு நான் சொன்னபோது அவர் தன் சீட்டில் இன்னொரு பத்தி சேர்த்தார், கடன் என்று தலைப்பு போட்டு. அதன் பிறகு அவர் கொண்டுவரும் பட்டியலே மாறிப்போனது.

கடன் என்று எதை எழுதுவது என்பதுதான் நாள் போகப் போக எனக்குப் பெரிய வேலையானது. சிமெண்ட்டில் இது ஓரளவு சுலபம். சர்க்கரையில் அப்படி இல்லை. வைகை அணைக்குப் பக்கத்தில் வரதராஜ் நகரில் ராஜஸ்ரீ சுகர்ஸ் ஆலை இருப்பதால் எங்கள் பக்கத்தில் சர்க்கரைப் பங்குகள் மேல் ஒரு கண் எப்போதும் உண்டு. சர்க்கரைக் கம்பெனியின் கணக்கு மார்ச் 31-இல் முடியும். அந்த நேரத்தில் அரவை நடந்து, கிடங்கில் சர்க்கரை மூட்டை குவிந்து, அதை அடமானம் வைத்து வாங்கிய குறுகிய காலக் கடன் உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும். செப்டம்பரில் பார்த்தால் சர்க்கரையும் விற்றிருக்கும், அந்தக் கடனும் கரைந்திருக்கும். மார்ச் கணக்கை வைத்து இவி போட்டால் கம்பெனி உண்மையைவிட விலை அதிகமாகவும், செப்டம்பர் கணக்கை வைத்துப் போட்டால் மலிவாகவும் தெரியும். இரண்டையும் சராசரி எடுப்பேன். அல்லது கிடங்குச் சர்க்கரைக்கு எதிரே நிற்கும் கடனைத் தனியாகப் பிரித்து வைப்பேன். எப்படிச் செய்தாலும் ஒப்பிடும் இரண்டு கம்பெனிக்கும் ஒரே தேதியில், ஒரே முறையில் செய்ய வேண்டும்.

அதைவிட முக்கியமானது, கடன் என்ற தலைப்பில் வராத கடன். கரும்பு வெட்டிக் கொடுத்து 14 நாளில் பணம் தர வேண்டும், தாமதமானால் 15 சதவீதம் வட்டி என்பது 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையில் உள்ள விதி. ஆனால் தமிழ்நாட்டுத் தனியார் ஆலைகள் பலவற்றில் விவசாயிகளுக்குப் பாக்கி ஆண்டுக்கணக்கில் நின்றது ஊரறிந்த விஷயம். கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டங்களில் அதைக் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன கரும்புக்காரர்கள் எங்கள் பக்கமும் உண்டு. கம்பெனிக் கணக்கில் அந்தப் பாக்கி "வணிகக் கொடுபாக்கி" என்ற வரியில், ஆணி வாங்கியதற்கும் டீசல் வாங்கியதற்கும் கொடுக்க வேண்டிய பணத்தோடு சேர்ந்து கிடக்கும். வங்கிக் கடன் என்ற வரியில் இருக்காது. இரண்டு ஆலைகளை ஒப்பிடும்போது ஒன்று வங்கியில் கடன் வாங்கி விவசாயிக்குப் பணம் கொடுத்திருக்கும், இன்னொன்று விவசாயிக்குக் கொடுக்காமல் வங்கிக் கடனைக் குறைவாகக் காட்டும். யோக்கியமாக நடந்த ஆலையின் இவி அதிகமாகவும், நிலுவை வைத்த ஆலையின் இவி குறைவாகவும் வரும். அப்படி ஒரு கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. கொடுபாக்கி வழக்கத்தைவிட எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று பார்த்து, வீங்கிய அளவைக் கடனாகக் கூட்டத் தொடங்கினேன். கரும்பு கொடுத்தவன் ஆலைக்குக் கடன் கொடுத்தவன்தான், அவனைக் கேட்காமல் வாங்கிய கடன்.

கணக்கில் எந்த வரியிலும் வராத பொறுப்பும் உண்டு. 2007-இல் கோவை, திருப்பூர்ப் பக்கத்துக் கம்பெனிகள் பல வங்கிகளோடு டாலர், சுவிஸ் பிராங்க் விலை மாற்றத்தின் மேல் ஒப்பந்தங்கள் போட்டன. அடுத்த வருடமே அவை பெரும் நட்டமாகத் திரும்பின. ராஜஸ்ரீ சுகர்ஸும் ஆக்சிஸ் வங்கியோடு போட்ட அப்படி ஒரு ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் போனது. அது சூதாட்ட ஒப்பந்தம் என்ற வாதத்தை 2008 அக்டோபரில் நீதிமன்றம் ஏற்கவில்லை. நாட்டில் அந்த வகை ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. எனக்கு அதிலிருந்து கிடைத்தது ஒரு பழக்கம்: ஆண்டறிக்கையின் பின்பக்கத்தில் "எதிர்பாரா பொறுப்புகள்" என்ற குறிப்பையும், வெளிநாட்டு நாணய ஒப்பந்தங்கள் பற்றிய குறிப்பையும், பிற கம்பெனிகளின் கடனுக்குக் கொடுத்த உத்தரவாதங்களையும் படிக்காமல் கடன் எண்ணை எழுதுவதில்லை. அதேபோல் ரொக்கத்தைக் கழிக்கும் முன்பும் குறிப்பைப் படிக்க வேண்டும். வங்கியில் இருக்கும் பணத்தில் ஒரு பகுதி ஏதாவது உத்தரவாதத்துக்குப் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். எடுக்க முடியாத பணத்தைக் கழித்துவிட்டுக் கடன் குறைவு என்று சொல்லக் கூடாது.

கம்பெனிகளையே விற்று வாங்குகிறவர்கள் எந்த எண்ணில் பேசுகிறார்கள் என்பதைப் பெரிய வியாபாரங்கள் நடக்கும்போது கவனித்தால் போதும். 2017-இல் அல்ட்ராடெக், ஜேபி குழுமத்தின் சிமெண்ட் ஆலைகளை வாங்கியது. 212 லட்சம் டன் திறன், விலை 16,189 கோடி. அந்த 16,189 கோடி நிறுவன மதிப்பு. அதில் பெரும்பகுதி விற்றவர் கைக்குப் போன பணம் இல்லை, அவர் வாங்கி வைத்திருந்த கடனை வாங்கியவர் தலைமேல் ஏற்றிக்கொண்டது. டன்னுக்கு 7,600 ரூபாய் சொச்சம் என்று அன்று எல்லோரும் பேசினார்கள். பங்கு விலையை யாரும் பேசவில்லை.

அதே அல்ட்ராடெக்தான் 2024-இல் இந்தியா சிமெண்ட்ஸுக்கு வந்தது. அந்த ஜூன் மாதம் 22.77 சதவீதப் பங்கைச் சுமார் 268 ரூபாய் விலையில் வாங்கியது. ஜூலை 28-ஆம் தேதி, நிர்வாகக் குடும்பமும் அதைச் சேர்ந்தவர்களும் வைத்திருந்த 32.72 சதவீதத்தை, பங்குக்கு 390 ரூபாய் வீதம் 3,954 கோடிக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. மற்றப் பங்குதாரர்களிடமும் அதே 390 ரூபாய்க்கு இன்னும் 26 சதவீதம் வாங்கத் தயார் என்று அறிவித்தது. அந்த வாரம் எங்கள் கடையில் கூட்டம். மாமா காலமாகிவிட்டார், அவர் மகன் வந்திருந்தார். அப்பா 2007-இல் விற்றது போக மீதி வைத்திருந்த பங்குகள் அவர் கணக்கில் இருந்தன.

"அண்ணே, கம்பெனி நட்டத்துல ஓடுது. இதுக்குப் போயி 390 ரூவா குடுக்கறாங்க. ராம்கோ லாபத்துல ஓடுது, அதோட மொத்த மதிப்பு 19,000 கோடிதான் காட்டுது. இது 12,000 கோடி. ஒண்ணும் புரியலையே" என்றார். இந்தியா சிமெண்ட்ஸுக்கு 31 கோடிக்குக் கொஞ்சம் குறைவான பங்குகள். 390-ஆல் பெருக்கினால் 12,086 கோடி. ராம்கோவுக்கு 23.6 கோடிப் பங்குகள், விலை 800 ரூபாயை ஒட்டி. அவர் சொன்ன எண்கள் சரி.

சிமெண்ட்காரர்கள் போடும் கணக்கை இருவரும் உட்கார்ந்து போட்டோம். இந்தியா சிமெண்ட்ஸின் கடன் அப்போது ஏறத்தாழ 2,500 கோடி. கூட்டினால் 14,600 கோடிக்குப் பக்கம். திறன் 144.5 லட்சம் டன். டன்னுக்குச் சுமார் 10,100 ரூபாய், அன்றைய விலையில் 120 டாலர். ராம்கோவின் கடன் சுமார் 4,800 கோடி. கூட்டினால் 23,700 கோடி. திறன் 230 முதல் 240 லட்சம் டன். டன்னுக்கு அதுவும் பத்தாயிரத்தை ஒட்டியே வந்தது. சந்தை மதிப்பில் ஏழாயிரம் கோடி வித்தியாசமாகத் தெரிந்த இரண்டு கம்பெனிகள், டன் கணக்கில் பார்த்தால் ஒரே விலையில் நின்றன.

அவர் கேள்விக்கு அதில் பாதிப் பதில்தான் இருக்கிறது. டன் கணக்கில் விலை ஒன்றாக இருந்தாலும், ராம்கோ அந்த ஆண்டு வட்டிக்கும் வரிக்கும் தேய்மானத்துக்கும் முன்னால் சுமார் 1,600 கோடி சம்பாதித்தது. நிறுவன மதிப்பு அதைப்போல ஏறத்தாழ 15 மடங்கு. இந்தியா சிமெண்ட்ஸில் அந்த லாபம் மிகச் சிறியது, அதை வைத்து மடங்கு போட்டால் அர்த்தமில்லாத எண் வரும். அல்ட்ராடெக் வாங்கியது அன்றைய லாபத்தை இல்லை. தமிழ்நாட்டில் சுண்ணாம்புக்கல் சுரங்க உரிமையோடு ஓடிக்கொண்டிருக்கும் ஆலைகளை வாங்கியது. நடப்பு மூலதனம் இல்லாமல் பாதித் திறனில் ஓடும் சூளையை, பணமும் நிலக்கரியும் போட்டு முழுத் திறனில் ஓட்டினால் என்ன வரும் என்பது அதன் கணக்கு. அந்தக் கணக்கை அது செய்ய முடியும், 390 ரூபாய்க்கு நூறு பங்கு வைத்திருக்கும் ஆள் செய்ய முடியாது. லாபம் திரும்பி வருவதற்குள் வட்டி ஓடிக்கொண்டிருக்கும், அதைத் தாங்கும் சக்தி யாருக்கு இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

கூட்டத்தில் இருந்த ஒரு பையன், சிஎஸ்கே அணியும் இதோடு சேர்ந்து போகிறதா என்று கேட்டான். நல்ல கேள்வி. 2008-இல் ஐபிஎல் ஏலத்தில் அந்த அணியை எடுத்தது இந்தியா சிமெண்ட்ஸ்தான். ஆனால் பிற்பாடு அதைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து, அதன் பங்குகளைப் பங்குதாரர்களுக்கே ஒதுக்கிவிட்டார்கள். 2024-இல் இந்தியா சிமெண்ட்ஸின் மதிப்பில் அணி இல்லை. பிரியாமல் இருந்திருந்தால் இவி போடும்போது அணியின் மதிப்பைத் தனியாகக் கழித்துவிட்டுத்தான் டன்னுக்கு எவ்வளவு என்று பார்த்திருக்க வேண்டும். சிமெண்ட் செய்யாத சொத்தைச் சிமெண்ட் டன்னில் ஏற்றக் கூடாது. 2022-இல் இந்தியா சிமெண்ட்ஸ் தன் கையிலிருந்த ஸ்பிரிங்வே மைனிங் என்ற சுரங்கக் கம்பெனியை ஜேஎஸ்டபிள்யூ சிமெண்ட்டுக்கு 477 கோடிக்கு விற்றது. அதுபோன்ற விற்பனை நடக்கும்போது சொத்து குறையும், கையில் பணம் வரும், அந்தப் பணம் கடனுக்குப் போனால் கடனும் குறையும். இவி அவ்வளவு இறங்கும், பங்கு விலை நகராமல்கூட இருக்கலாம்.

மாமா மகன் கடைசியாகக் கேட்டது, கொடுக்கலாமா வைத்திருக்கலாமா என்று. டன்னுக்கு 120 டாலர் என்பது அன்றைக்குச் சும்மா கொடுக்கும் விலை இல்லை, பக்கத்து நல்ல ஆலைக்குச் சந்தை கொடுக்கும் அதே விலை என்று மட்டும் சொன்னேன். ஒப்பந்தத்துக்குப் போட்டி ஆணையத்தின் ஒப்புதல் டிசம்பரில் வந்தது. 2025 தொடக்கத்தில் பங்குகளைக் கேட்டு விண்ணப்பம் வந்ததும் அவர் முக்கால்வாசியைக் கொடுத்துவிட்டு, அப்பா நினைவாகக் கொஞ்சம் வைத்துக்கொண்டார். வந்த பணத்தில் கடமலைக்குண்டு வீட்டுக்கு மாடி எடுக்கப் போவதாகச் சொன்னார். எந்த மூட்டை என்று நான் கேட்கவில்லை. கடைக்காரரிடம் அன்றைக்கு எது விலை குறைவோ அதை வாங்குவார். மூட்டைக்குக் கடன் கிடையாது, அங்கே விலையை மட்டும் ஒப்பிட்டால் போதும்.